க்ளைவின் மீசைக் கோடு

வியாழக்கிழமை காலை தன் முடிதிருத்தும் கடையைத் திறக்க வந்த ரோண்டா ட்ரெலோர், வாசலில் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற க்ளைவைப் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டாள். பல்வலிக்காரன் கன்னத்தைப் பிடிப்பான். இவன் மூக்குக்கு நேர் கீழே பிடித்திருந்தான்.

"கைய எடு" என்றாள், பூட்டில் சாவியைத் திருகிக்கொண்டே.

"உள்ள போயிடலாம், ரோண்டா. தெருவுல வேணாம்."

ஆஸ்திரேலியாவின் தங்கச் சுரங்க ஊரான கல்கூர்லியில் காலை எட்டு மணிக்கே தார்ச்சாலை காயத் தொடங்கியிருந்தது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. இருந்தும் அவன் கைக்குட்டையை எடுக்கவில்லை.

க்ளைவ் பென்னா அவளுடைய முன்னாள் கணவன். பதினோரு வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள். பிரிந்து பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. பெரிய சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. அவன் எந்த வேலையையும் பாதியில் விட்டுவிடுவான், அவள் அதை முடித்து வைப்பாள். ஒரு நாள் அவளுக்கு அலுத்துப்போனது, அவ்வளவுதான். பிரிந்தபோது வீடு அவளுக்கு, பிக்கப் வண்டி அவனுக்கு, நாய் யாரிடம் போய் நின்றதோ அவருக்கு என்று எல்லாவற்றையும் வக்கீல் இல்லாமலே முடித்துக்கொண்டார்கள். மீசையைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. கையெழுத்துப் போட்ட மூன்றாம் வாரம், மதிய ஷிஃப்டுக்குப் போகும் முன் அவன் வழக்கம்போலக் கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். அவளும் துண்டைப் போர்த்திவிட்டாள். அன்றிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு வியாழன் அவனுடையது.

வேறு முடிதிருத்துபவர்கள் ஊரில் இல்லாமல் இல்லை. ஆனால் க்ளைவின் மேலுதடு மற்றவர்களுடையதைப் போன்றதல்ல. இருபத்திரண்டு வயதில் கால்பந்து மைதானத்தில் எவனோ ஒருவனின் முழங்கை அவன் வாயில் இறங்கியது. அவசரத்தில் போட்ட ஆறு தையல் ஆறியபோது தழும்பு உதட்டின் இடப்பக்கத்தை மேலே இழுத்துவிட்டது. பார்க்கிறவர்களுக்கு, எப்போதும் யாரையோ லேசாக ஏளனம் செய்கிறவன் போல இருப்பான். இந்தக் காரணத்துக்காகவே சுரங்க மேலாளர் ஒருவரிடம் இரண்டு முறை திட்டு வாங்கியிருக்கிறான். தழும்பை மறைக்கத்தான் மீசை.

எந்த மீசை என்பதும் லேசில் முடிவாகவில்லை. கல்யாணமான புதிதில், வாயின் இரு பக்கமும் தாடை வரை தொங்கும் குதிரைலாட மீசைதான் வேண்டும் என்று வளர்த்தான். தங்கத் தாது அரைக்கும் ஆலையில் அவனுக்கு வேலை. தூசிக்கு ரப்பர் முகமூடி போட வேண்டும். ஆண்டுக்கொரு முறை முகமூடியைப் போட்டுத் தலைக்கு மேல் பையைக் கவிழ்த்து, உள்ளே கசப்பு நீரைப் புகையாய் அடிப்பார்கள். நாக்கில் கசந்தால் காற்று உள்ளே புகுகிறது என்று அர்த்தம். க்ளைவுக்கு வேப்பெண்ணெய் குடித்தவன் போல முகம் கோணியது. ரப்பர் விளிம்புக்கு அடியில் ஒரு முடிகூட இருக்கக் கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

முனை முறுக்கிய மீசையைக் கேட்டான். அதற்கும் முனைகள் வாயோரம் தாண்டும், கதை அதேதான் என்றாள் ரோண்டா. பென்சில் கோடு போல மெல்லிசாக வைக்கலாமா என்றான். அவனுக்கு மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே இடம் அதிகம். மெல்லிய கோடு வைத்தால் காலி மைதானத்தில் கயிறு கட்டியது போல இருக்கும், தழும்பும் பளிச்சென்று தெரியும். கடைசியில் கூரைச் சரிவு போல மூக்கடியிலிருந்து இரு பக்கமும் இறங்கி, வாயோரத்தில் நின்றுவிடும் அடர்த்தியான மீசை. மேல் விளிம்பைத் தொடுவதே இல்லை. கீழ் விளிம்பு மட்டும் கத்தரித்தது போல நேராக. அது அவன் முகத்துக்கும் பொருந்தியது, முகமூடிக்குள்ளும் அடங்கியது.

அந்தக் கீழ் விளிம்பில்தான் சூட்சுமம். மற்றவர்களுக்கு உதட்டு வரம்பைப் பிடித்துக்கொண்டு வெட்டினால் போதும், கோடு தானாக நேராகும். க்ளைவுக்கு அப்படி வெட்டினால் இடப்பக்கம் மேலே ஏறி நிற்கும். உதடே கோணல் என்பதால் உதட்டை நம்பக் கூடாது, கண்ணை நம்ப வேண்டும். இரண்டு கருவிழிகளுக்கும் குறுக்கே ஒரு சீப்பைப் பிடித்தால் எப்படி நிற்குமோ, அதற்கு இணையாகக் கீழே வெட்ட வேண்டும். வலப்பக்க முடி உதட்டைத் தொட்டு நிற்கும். இடப்பக்கம் உதட்டின் மேல் கொஞ்சம் இறங்கி நிற்கும். பக்கத்திலிருந்து பார்த்தால் இடப்பக்கம் நீளம் போலத் தெரியும், எதிரில் நின்று பார்த்தால் மட்டம். இதைக் கண்டுபிடிக்க ரோண்டாவுக்கு ஒரு வருடம் ஆனது.

அவன் இப்போது கைக்குட்டையை எடுத்தான்.

ரோண்டா குனிந்து பார்த்தாள். மீசைக்கும் உதட்டுக்கும் நடுவில் வெறும் தோல் தெரிந்தது. இடப்பக்கம் சுவரில் சரிந்து தொங்கும் படம் போல மேலே ஏறியிருந்தது. வலப்பக்கத்தில் நடுவே கடித்தெடுத்தது போல ஒரு பள்ளம். தழும்பின் வெள்ளைக் கோடு முப்பது வருடத்துக்குப் பிறகு வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"யார் கைவரிசை?"

"ஆரம்பிச்சது வெண்டி. மீதி நான்."

வெண்டி அவன் மணக்கப்போகும் பெண். மருத்துவமனை அலுவலகத்தில் வேலை. அடுத்த வாரம் சனிக்கிழமை, புல்தரையில் பந்துருட்டி ஆடும் பௌலிங் கிளப்பில் கல்யாணம். சாப்பாட்டு மேசையில் அவள் எப்போதும் க்ளைவின் இடப்பக்கம் உட்காருவாளாம். சூப் குடிக்கும்போதெல்லாம் அந்தப் பக்க முடி நனைவது அவள் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வந்தவனை நிறுத்தி, நகக் கத்தரியால் உதட்டோடு ஒட்ட வெட்டிவிட்டாள். ஈர முடி கீழே படிந்து நீளமாகத் தெரியும். காய்ந்ததும் சுருங்கி மேலே ஏறிக்கொண்டது. இடம் ஏறிவிட்டதே என்று க்ளைவ் வலப்பக்கத்தைச் சரிசெய்தான். இப்போது வலம் ஏறிவிட்டது. திரும்ப இடம். அதைப் பார்த்து வெண்டி சிரித்தாள். சிரித்ததைப் பார்த்து அவனும் சிரித்துக்கொண்டே வெட்டினான். சிரிக்கும்போது உதடு மேலே இழுபடும் என்பது அந்த நேரத்தில் அவன் நினைவுக்கு வரவில்லை.

"நாலு நாளாவா இத பண்ணிட்டிருந்தே?"

"இன்னும் ஒரே ஒரு வெட்டு வெட்டினா சரியாயிடும்னு தோணிட்டே இருந்துச்சு."

"அது உனக்குத் தோணும். வீடு கட்டினப்பவும் தோணிச்சு."

அவன் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, எப்படியாவது சரிசெய்யச் சொன்னான். ரோண்டா கத்தரியைக் கையில் எடுக்கவே இல்லை. இருக்கிற முடியில் நேர்கோடு கொண்டுவர வேண்டுமென்றால் இன்னும் மேலே போக வேண்டும், போனால் மூக்கடியில் பல் துலக்கும் பிரஷ்தான் மிஞ்சும் என்றாள். மொத்தமாக மழித்துவிடலாமா என்று கேட்டான். கேட்கும்போதே அவன் கை தழும்புக்குப் போனது. அதைப் பார்த்த ரோண்டாவுக்குக் கோபம் இன்னும் கூடியது. இரக்கம் வந்தால் அவளுக்குக் கோபமாகத்தான் வரும்.

முடி ஒரு நாளைக்கு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு வளரும். கல்யாணத்துக்கு ஒன்பது நாள். மூன்று மில்லிமீட்டர் கிடைத்தால் கோடு போடலாம். ஆகவே அடுத்த வெள்ளிவரை அவன் அதைத் தொடக் கூடாது, கத்தரி, பிளேடு, டிரிம்மர் எதுவும் ஆகாது. வெண்டியும் தொடக் கூடாது. ஈரமாக்கினால் துடைத்துவிட்டுப் போய்விட வேண்டும், கண்ணாடியில் நின்று பார்க்கக் கூடாது.

"பாக்கவுமா கூடாது?"

"பாத்தா வெட்டுவ."

அதற்குள் கடைக்கு வந்து காத்திருந்த டெஸ் என்ற லாரிக்காரர், செய்தித்தாளைத் தாழ்த்தி க்ளைவின் வாயைக் கூர்ந்து பார்த்தார். நீளமான லாரிகளைக் கோணாமல் பின்னோக்கி ஓட்டி முப்பது வருடம் பழகிய கண் அவருடையது.

"ஆட்டுக்கு முடி வெட்டப் போயி பயந்து பாதியில விட்ட மாதிரி இருக்கே, மச்சான்" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளை உயர்த்திக்கொண்டார். க்ளைவ் கைக்குட்டையால் திரும்பவும் வாயைப் பொத்திக்கொண்டு போனான்.

அதோடு விட்டிருந்தால் ரோண்டாவுக்கு அந்த வாரம் நிம்மதியாகப் போயிருக்கும். வெள்ளியன்று அவன் தொலைபேசியில் கூப்பிட்டு, நடுவில் ஒரு முடி மட்டும் நீளமாக இருக்கிறது, அதை மட்டும் எடுக்கலாமா என்று கேட்டான். கூடாது என்றாள். சனியன்று புகைப்படம் அனுப்பினான். சாய்ந்துகொண்டு எடுத்திருந்ததால் முகமே கோணலாக இருந்தது. ஞாயிறன்று விளக்கெண்ணெய் தடவினால் வேகமாக வளருமாமே என்றான். நாற்றம்தான் வளரும் என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தாள். திங்கட்கிழமை வெண்டியே வந்துவிட்டாள்.

ரோண்டா அவளை அதற்குமுன் இரண்டு முறை கடைத்தெருவில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள். உயரமான பெண்மணி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். மருத்துவமனை அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது, மதிய உணவு இடைவேளையில் வந்திருந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். வேணும்னேதான் கோணலா வெட்டி விட்டுட்டிருந்தீங்களா?"

ரோண்டாவுக்கு அது என்ன கேள்வி என்றே முதலில் புரியவில்லை. வெண்டி விளக்கினாள். இரண்டு வருடமாகப் பார்க்கிறாள், எப்போதும் இடப்பக்கம் தொங்குகிறது. இவ்வளவு வருடம் தொழில் செய்கிறவர் கைக்கு அது தெரியாமல் போகாது. ஒருவேளை பழைய கணக்கு ஏதாவது இருக்கலாம், தான் கேட்காமல் கல்யாணத்துக்குப் போய் நிற்க விரும்பவில்லை என்றாள். குரலில் ஏளனம் இல்லை. பயந்துகொண்டே கேட்கிறவள் போலத்தான் இருந்தாள்.

முப்பத்து நான்கு வருடத் தொழிலில் ரோண்டாவை மெதுவாக வெட்டுகிறாள் என்றிருக்கிறார்கள், வாய் நீளம் என்றிருக்கிறார்கள். கோணல் என்று ஒருவரும் சொன்னதில்லை. அவள் கடைச் சுவரில் மாட்டியிருந்த சுரங்கத் தொழிலாளர் விழாப் படத்தைக் கழற்றி எடுத்து வந்தாள். அதில் முன்வரிசையில் நேராகப் பார்த்தபடி நின்றிருந்தான் க்ளைவ். இரண்டு சீப்புகளை எடுத்து, ஒன்றை அவன் கண்களுக்குக் குறுக்கே படச்சட்டத்தின் கண்ணாடிமேல் வைத்தாள். மற்றதை மீசையின் கீழ் விளிம்பில் வைத்தாள். தண்டவாளம் போல இரண்டும் இணையாக நின்றன. பிறகு கீழ்ச்சீப்பை உதட்டு வரம்புக்குத் திருப்பினாள். அது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது.

வெண்டி குனிந்து நெடுநேரம் பார்த்தாள்.

"கோணல் மீசையில இல்ல. உதட்டுல."

"ஆமா."

"நான் எப்பவும் பக்கத்துல உக்காந்துதான் பாத்திருக்கேன்."

"எதிர்ல நின்னுதான் பாக்கணும். நம்ம கண்ணும் அவன் கண்ணும் ஒரே உயரத்துல இருக்கணும். சாஞ்சா தப்பாத்தான் தெரியும்."

இப்போது வெண்டி உட்கார்ந்தாள். மன்னிப்பு என்று வார்த்தையாகச் சொல்லவில்லை, நகக் கத்தரியைத் தூக்கிக் குப்பையில் போடப்போவதாகச் சொன்னாள். தேநீர் போட்டுக் கொடுத்தாள் ரோண்டா. பாதிக் கோப்பை முடிந்ததும் வெண்டி சாதாரணமாகக் கேட்டாள். அவனுக்கு ஏன் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை? அவன் மீசை, அவன் முகம், தினமும் சவரம் செய்துகொள்கிற ஆள்.

அவனுக்குப் பொறுமை இல்லை, வாயை ஒரு நிமிடம் மூடி வைக்க மாட்டான், கத்தரி பிடிக்கத் தெரியாது என்று ரோண்டா அடுக்கினாள்.

"சொல்லிக்கொடுத்துப் பாத்தீங்களா?"

ரோண்டா தன் கோப்பையைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள். ஒரு முறைகூடச் சொல்லிக்கொடுத்ததில்லை. முதல் வருடம் அவன் ஒரு தடவை கத்தரியை எடுத்தபோது, கெடுத்துவிடுவாய் என்று பிடுங்கிக்கொண்டது நினைவிருந்தது. அதற்குப் பிறகு அவன் கேட்கவும் இல்லை. அவன் எதையும் முடிப்பதில்லை என்று ஊர் முழுக்கச் சொல்லிவந்திருக்கிறாள். அவன் கையில் எந்த வேலை எவ்வளவு நேரம் இருக்க அவள் விட்டாள் என்று அவள் எண்ணிப் பார்த்ததில்லை. வெண்டி போனபின் அந்த மதியம் முழுக்க ரோண்டா எரிச்சலாகவே இருந்தாள். வெண்டிமேல் கொஞ்சம், க்ளைவ்மேல் கொஞ்சம். மீதியை யார்மேல் போடுவது என்று தெரியவில்லை. வந்த வாடிக்கையாளர்களெல்லாம் சீக்கிரம் முடித்துக்கொண்டு போனார்கள்.

வெள்ளிக்கிழமை க்ளைவ் வந்தான். ஆச்சரியம், அவன் தொட்டிருக்கவில்லை. முடி உதட்டு வரம்பைக் கொஞ்சம் தாண்டி இறங்கி வந்திருந்தது, ஓரம் மட்டும் கந்தலாக இருந்தது. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். ரோண்டா நாற்காலியை நிமிர்த்தி, கண்ணாடிக்கு அருகே தள்ளி, சின்னக் கத்தரியை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது எதுக்கு?"

"வெட்டு. நான் சொல்றேன்."

"ரோண்டா, நாளைக்கு எனக்குக் கல்யாணம்."

"அதனாலதான் இன்னிக்கு."

ரோண்டா கைகள் இரண்டையும் மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள், இல்லாவிட்டால் பிடுங்கிவிடுவாள் என்று அவளுக்கே தெரியும். முதலில் காய்ந்த முடியை நேர் கீழாகச் சீவச் சொன்னாள். வாயை மூடி, பல்லைக் கடிக்காமல் சும்மா வைத்திருக்க வேண்டும். சிரிக்கக் கூடாது, பேசவும் கூடாது. சீப்பைக் கண்களுக்குக் குறுக்கே ஒரு முறை பிடித்து மட்டத்தை மனதில் வாங்க வேண்டும். மூக்குக்கு நேர் கீழே, உதட்டுக் குழியில் முதல் வெட்டு. அதுதான் அடையாளம். அங்கிருந்து வெளிப்பக்கமாக வலது ஓரம்வரை, பிறகு திரும்ப நடுவுக்கு வந்து இடது ஓரம்வரை. கத்தரியின் நுனியால் மட்டும், ஒரு தடவைக்கு நாலைந்து முடி.

"வலப்..."

"பேசாதே."

கண்ணாடியில் கை எதிர்ப்பக்கம் போவது போலத் தோன்றி இரண்டு முறை தடுமாறினான். இடப்பக்கம் வந்ததும் பழக்கதோஷத்தில் கத்தரி உதட்டைப் பின்பற்றி மேலே ஏறியது. ரோண்டாவின் நாக்கு நுனிவரை வார்த்தை வந்துவிட்டது. அவள் சொல்வதற்குள் அவனே நிறுத்தினான். சீப்பை எடுத்துக் கண்களுக்குக் குறுக்கே பிடித்துப் பார்த்தான், கத்தரியைக் கீழே இறக்கினான். ஏற்கனவே இரண்டு முடி போயிருந்தது. அதை ஈடுகட்ட மறுபக்கத்தை வெட்டப்போன கையை அவனே அடக்கினான்.

"அந்த ரெண்டு முடி வளரும். விடு" என்றாள் ரோண்டா.

வாடிக்கையாகப் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை முக்கால் மணி நேரம் நீண்டது. நடுவில் டெஸ் எட்டிப் பார்த்து, நிலைமையைப் புரிந்துகொண்டு, திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். முடிந்ததும் க்ளைவ் நாற்காலியைத் திருப்பி அவளுக்கு நேரே முகத்தைக் காட்டினான். ரோண்டா குனிந்து அவன் கண் உயரத்துக்குத் தன் கண்ணைக் கொண்டுவந்தாள். கோடு நேராக இருந்தது. அவள் போட்டால் இருக்கும் அளவுக்கு இல்லை. வலது ஓரத்தில் ஒரு மயிரிழை இறங்கியிருந்தது, இடப்பக்கத்தில் அந்த இரண்டு முடி இல்லாத இடம் தெரிந்தது. கை பைக்குள்ளேயே துடித்தது. ஒரே ஒரு வெட்டு.

"என்ன?" என்றான் அவன்.

"ஒண்ணுமில்ல. எறங்கு. அடுத்த ஆள் வரணும்."

அவன் கழுத்துத் துண்டைத் தானே அவிழ்த்து, உதறி, மடித்து வைத்தான். முப்பது வருடத்தில் அதுவும் முதல் முறை. கதவருகில் நின்று நன்றி சொல்லத் திரும்பினான். அவள் அதைக் கேட்கக் காத்திருக்கவில்லை, தரையைக் கூட்டத் தொடங்கியிருந்தாள்.

மறுநாள் பௌலிங் கிளப்பில் ரோண்டா பின்வரிசையில் உட்கார்ந்தாள். வெண்டி மாப்பிள்ளைக்கு இடப்பக்கம் நிற்காமல் எதிரே நின்று உறுதிமொழி சொன்னாள். அப்போது அவள் கண் ஒருமுறை அவன் மீசைக்கு இறங்கி ஏறியதை ரோண்டா கவனித்தாள். சாப்பாட்டில் ஆட்டிறைச்சி வெந்திருக்கவில்லை. யாரும் மீசையைப் பற்றிப் பேசவில்லை. அது நல்ல செய்திதான்.

ஒரு மாதம் கழிந்து ஒரு காலைவேளை வெண்டி கடைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள். நலம் விசாரிக்கவில்லை.

"ரோண்டா, நீங்க அந்த ஆளுக்கு என்ன சொல்லிக் கொடுத்தீங்க? வீட்டுல இருக்கிறது ஒரே ஒரு குளியலறை. தெனமும் காலையில ஒரு மணி நேரம் உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கறார். சீப்பக் கண்ணுக்கு நேரா பிடிச்சுக்கிட்டு சிலை மாதிரி நிக்கறார். கதவத் தட்டினா பேசக் கூடாதாம். எனக்கு வேலைக்கு நேரமாகுது."

தினமும் வெட்டக் கூடாது, வாரத்துக்கு ஒரு முறை போதும் என்று தான் சொன்னதாக ரோண்டா சொன்னாள்.

"வெட்டறதே இல்ல. சும்மா பாத்துட்டு நிக்கறார்."

ரோண்டா தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்த டெஸ்ஸின் பிடரியைச் சீவினாள்.

"இனிமே அது உங்க பாடு, வெண்டி" என்றாள். "வேணும்னா நான் ஒரு நல்ல தச்சரோட நம்பர் தரேன். ரெண்டாவது குளியலறை கட்டிக்கோங்க. க்ளைவ்கிட்ட மட்டும் கட்டச் சொல்லிடாதீங்க."